இரண்டும் சுழியானால் அலை எப்படி நகரும்?

பத்தாம் வகுப்பில் ஒளியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒளி ஒரு மின்காந்த அலை, அது பரவ ஊடகம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் வழக்கமான படத்தை வரைந்தேன். மேலும் கீழுமாக ஓர் அலை, அது மின்புலம். அதற்குச் செங்குத்தாக, பலகையிலிருந்து வெளியே வருவதுபோல இன்னோர் அலை, அது காந்தப்புலம். பிறகு பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாக்கியத்தையும் சொன்னேன்: "மாறும் மின்புலம் காந்தப்புலத்தை உண்டாக்கும், மாறும் காந்தப்புலம் மின்புலத்தை உண்டாக்கும். இப்படி ஒன்றை ஒன்று உண்டாக்கிக்கொண்டே அலை முன்னேறுகிறது."

மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி எழுந்தாள். "சார், படத்துல ரெண்டும் ஒரே எடத்துல உச்சியில இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல சுழியாவும் இருக்கு. ரெண்டுமே இல்லாத எடத்துல யாரு யாரை உண்டாக்குவா?"

படத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கேட்டது சரி. ஒன்று மாறி மற்றொன்று பிறப்பதென்றால், ஒன்று தேயும்போது மற்றொன்று வளர வேண்டும். தொடர் ஓட்டத்தில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கோல் போவதுபோல இருக்க வேண்டும். என் வாக்கியம் சொல்வது அதைத்தான். நான் வரைந்த படம் சொல்வது வேறு. "நாளை சொல்கிறேன்" என்று உட்காரச் சொன்னேன். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த வாரத்தில் செய்தவற்றை இங்கே எழுதுகிறேன். இதே படத்தை வரைந்து இதே வாக்கியத்தைச் சொல்லும் ஆசிரியர்கள் நம்மில் பலர் இருப்போம்.

எங்கள் பள்ளி கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு அருகில் உள்ளது. பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் இரும்பு உருக்கும் ஆலைகளில் வேலை செய்கிறார்கள். அதனால் முதலில் உலையிலிருந்து தொடங்கினேன். "இரும்பை உருக்க என்ன எரிக்கிறார்கள்?" என்று கேட்டதும் ஒருவன் சொன்னான்: "எதுவும் எரிக்கல சார். காயில் இருக்கும், செம்புக் குழாய். அதுக்குள்ள தண்ணி ஓடும். நடுவுல ஸ்கிராப்பைப் போடுவாங்க, அது உருகிடும்."

தூண்டல் உலையை இதைவிடத் தெளிவாக நானும் சொல்லியிருக்க மாட்டேன். வெளியே செம்புச் சுருள், அதன் உள்ளே ஓடும் தண்ணீர். நடுவில் வெப்பம் தாங்கும் சிலிக்கா பூசிய தொட்டி, அதற்குள் இரும்புத் துண்டுகள். சுருள் இரும்பைத் தொடுவதே இல்லை. சுருளின் பக்கம் குளிர்ச்சி, இரும்பின் பக்கம் 1,500 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பம். அப்படியானால் இரும்பைச் சூடாக்குவது எது?

"காந்தம் சார்" என்றார்கள். பாதிதான் சரி. நிலையான காந்தப்புலத்தில் இரும்பை எவ்வளவு நேரம் வைத்தாலும் அது சூடாகாது. சுருளில் ஓடுவது நொடிக்குச் சில நூறு முறை திசை மாறும் மின்னோட்டம். அதனால் உள்ளே இருக்கும் காந்தப்புலமும் அவ்வளவு வேகமாக மாறுகிறது. மாறும் காந்தப்புலத்தைச் சுற்றி வட்டமிடும் ஒரு மின்புலம் தோன்றுகிறது. அந்த மின்புலம் இரும்பில் உள்ள எலக்ட்ரான்களைச் சுற்றி ஓட வைக்கிறது. அதுவே சுழல் மின்னோட்டம், இரும்பைச் சூடாக்குவது அதுதான். இரும்பு காந்தத்தால் ஈர்க்கப்படுவதற்கும் உருகுவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. 770 டிகிரியைத் தாண்டியதும் இரும்பு தன் காந்தப் பண்பை இழந்துவிடும், அதற்குப் பிறகும் உலை அதைச் சூடாக்கிக்கொண்டேதான் இருக்கும். செம்பையும் இதே முறையில் உருக்கலாம்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். தொட்டியில் இரும்பே போடாவிட்டாலும் அந்த வட்ட மின்புலம் இருக்கும். இரும்பு அதைக் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் கம்பிச்சுருளையும் கால்வனாமீட்டரையும் வைத்து மின்காந்தத் தூண்டலை நடத்தும்போது, மின்சாரம் கம்பிக்குள்தான் பிறக்கிறது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது. கம்பி இல்லாத வெளியிலும் மின்புலம் பிறக்கும் என்று புரியாதவரை, வெற்றிடத்தில் அலை பரவுவதும் புரியாது.

உலைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. வீட்டு இண்டக்ஷன் அடுப்பும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. என் வீட்டு அடுப்பை வகுப்புக்குக் கொண்டுபோனேன். உறையிட்ட கம்பியைப் பாத்திரத்தின் அடி அளவுக்கு ஒரே ஒரு சுற்றாக வளைத்து, அதன் இரு முனைகளுக்கு இடையில் 1 கிலோஓம் மின்தடையுடன் எல்.இ.டி. விளக்குகளை இணைத்தேன். சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, இரண்டும் எதிரெதிர்த் திசையில் பக்க இணைப்பாக. அடுப்பில் தண்ணீருடன் பாத்திரத்தை வைத்து, அதைச் சுற்றி இந்த வளையத்தைப் போட்டதும் இரண்டு விளக்குகளும் எரிந்தன. மின்கலம் எதுவும் இல்லை. எல்.இ.டி. ஒரு திசையில்தான் மின்னோட்டத்தை விடும் என்பதால், இரண்டும் எரிவதே மின்புலம் திசை மாறி மாறிச் சுற்றுகிறது என்பதற்குச் சான்று. (மின்தடை இல்லாமல் இணைத்தால் எல்.இ.டி. கருகிவிடலாம். செய்கிறவர் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். இது ஆசிரியர் மட்டுமே செய்துகாட்ட வேண்டிய சோதனை.)

வளையத்தை மெல்ல மேலே தூக்கினால் வெளிச்சம் மங்கி, சற்று உயரத்திலேயே அணைந்துவிடுகிறது. உடனே பின்வரிசையிலிருந்து கேள்வி வந்தது: "அப்ப இது அலை இல்லையா சார்? கொஞ்ச தூரத்துலயே நின்னுடுதே. வானொலி மட்டும் எப்படி வீடு வரைக்கும் வருது?"

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. முதல் கேள்விக்கு முதலில் வருவோம்.

நம்மைக் குழப்புவது "மாறும்" என்ற சொல். ஒரு புலம் சுழியாக இருப்பது வேறு, அது மாறாமல் இருப்பது வேறு. ஊஞ்சலை நினைத்துப் பாருங்கள். நடுப்புள்ளியைக் கடக்கும்போது அதன் விலக்கம் சுழி, ஆனால் வேகம் அப்போதுதான் அதிகம். மேல் எல்லையில் விலக்கம் மிக அதிகம், ஆனால் அங்கே ஒரு கணம் அது நின்றே விடுகிறது. அலையில் உள்ள புலமும் அப்படித்தான். அது சுழியாக இருக்கும் இடத்தில்தான் மிக வேகமாக மாறுகிறது, உச்சியில் அந்தக் கணம் மாறாமல் நிற்கிறது. ஆகவே "ரெண்டுமே இல்லாத இடம்" என்று மாணவி சொன்ன இடம்தான் மிகவும் பரபரப்பான இடம்.

அடுத்து, அந்த இடத்தில் ஒன்றுக்கு மற்றொன்று என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு சைக்கிள் சக்கரத்தைப் பயன்படுத்தினேன். அச்சை ஒரு மாணவன் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் சக்கரத்தின் இடது விளிம்பிலும் வலது விளிம்பிலும் கை வைத்தான். இரண்டு கைகளாலும் சம விசையுடன் மேல்நோக்கித் தள்ளினால் சக்கரம் சுழலாது. இடது கையால் மேலேயும் வலது கையால் கீழேயும் தள்ளினால் சுழலும்.

கரும்பலகையில் மின்புல அலையை மட்டும் வரைந்து, அதன் உச்சியின் மேல் ஒரு சிறு செவ்வகம் வரைந்தேன். செவ்வகத்தின் இடது பக்கத்தில் மின்புலம் மேல்நோக்கி, வலது பக்கத்தில் அதே அளவு மேல்நோக்கி. சக்கரம் சுழலாது. அதாவது இங்கே சுற்றிவரும் மின்புலம் இல்லை. உலையில் கற்றதைத் திருப்பிப் போட்டால், சுற்றிவரும் மின்புலம் இல்லாத இடத்தில் காந்தப்புலம் மாறிக்கொண்டிருக்க முடியாது. காந்தப்புலம் மாறாமல் நிற்பது அதன் உச்சியில்தான். ஆகவே மின்புலத்தின் உச்சியில் காந்தப்புலமும் உச்சியில் இருக்க வேண்டும்.

இப்போது செவ்வகத்தை, மின்புலம் சுழியைக் கடக்கும் இடத்துக்கு நகர்த்தினேன். இடது பக்கத்தில் மேல்நோக்கி, வலது பக்கத்தில் கீழ்நோக்கி. சக்கரம் சுழலும். அதுவும் மற்ற எந்த இடத்தையும்விட வேகமாக. அப்படியானால் காந்தப்புலம் மிக வேகமாக மாறும் இடம் இதுதான். மிக வேகமாக மாறும் இடம் என்பது அது சுழியைக் கடக்கும் இடம். மின்புலம் சுழியாகும் இடத்தில் காந்தப்புலமும் சுழி.

மாணவி எழுந்து சொன்னாள்: "அப்ப படம் சரி சார். நீங்க சொன்னதுதான்..." வாக்கியத்தை முடிக்காமல் சிரித்துவிட்டாள். உண்மைதான், படம் சரி, என் வாக்கியம்தான் பிழை. மின்புலம் தேய்ந்து காந்தப்புலமாக மாறுவதில்லை. இரண்டும் அலைபரப்பியின் கம்பியில் முன்னும் பின்னும் ஓடும் மின்னூட்டங்களிலிருந்தே பிறந்து, ஒரே கட்டத்தில் சேர்ந்து வருகின்றன. ஓரிடத்தில் மின்புலம் எவ்வளவு சாய்வாக இருக்கிறதோ, அவ்வளவு வேகமாக அங்கே காந்தப்புலம் மாறுகிறது. அப்படி மாறுவதால்தான் அலையின் வடிவம் அடுத்த புள்ளிக்கு நகர்கிறது.

பிள்ளைகளுக்கு அம்புக்குறிகளும் சக்கரமும் போதும். ஆசிரியர்கள் ஒருமுறை எண்களைப் போட்டும் பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வயதுக்காரர்களுக்குப் பழக்கமான சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் அலையை எடுத்துக்கொள்வோம். ஒளியின் திசைவேகம் நொடிக்கு 30 கோடி மீட்டர். அதை 7,20,000-ஆல் வகுத்தால் அலைநீளம் சுமார் 417 மீட்டர். மின்புலத்தின் உச்ச மதிப்பு மீட்டருக்கு 3 வோல்ட் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். E = cB என்பதால் காந்தப்புலத்தின் உச்சம் ஒரு டெஸ்லாவில் பத்துக் கோடியில் ஒரு பங்கு. நம் பகுதியில் புவியின் காந்தப்புலம் இதைப்போலச் சுமார் 4,000 மடங்கு.

சுழியைக் கடக்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலமும் ஒரு மீட்டர் உயரமும் கொண்ட சதுரத்தை நிறுத்துவோம். அங்கே மின்புலத்தின் சாய்வு 2π × 3 ÷ 417, அதாவது ஒரு மீட்டர் நகர்ந்தால் 0.045 அலகு மாறுகிறது. இடது பக்கத்தில் மேல்நோக்கி அதில் பாதி, வலது பக்கத்தில் கீழ்நோக்கிப் பாதி. சதுரத்தைச் சுற்றிவந்தால் மொத்தம் 0.045 வோல்ட். இப்போது காந்தப்புலத்தின் பக்கத்திலிருந்து பார்ப்போம். அது மாறும் வீதத்தின் உச்ச மதிப்பு 2π × 7,20,000 × 0.00000001, அதாவது நொடிக்கு 0.045 டெஸ்லா. பரப்பு ஒரு சதுர மீட்டர் என்பதால் ஃபாரடே விதிப்படி தூண்டப்படும் மின்னியக்கு விசையும் 0.045 வோல்ட். இரண்டும் பொருந்திவிட்டன. E-க்கும் B-க்கும் இடையிலான விகிதம் வேறாக இருந்தாலோ, ஒன்று கால் அலைநீளம் பின்தங்கியிருந்தாலோ இந்தக் கணக்கு பொருந்தாது.

இது பாதிக் கதைதான். மாறும் காந்தப்புலம் மின்புலத்தைத் தரும் என்பதை ஃபாரடே 1831-இல் கண்டார். மாறும் மின்புலமும் காந்தப்புலத்தைத் தரும் என்ற மறுபாதியைச் சேர்த்தவர் மேக்ஸ்வெல். மின்தேக்கியின் தட்டுகளுக்கு இடையில் மின்னோட்டம் இல்லாவிட்டாலும், அங்கே மாறும் மின்புலம் மின்னோட்டத்தைப் போலவே செயல்படுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம் என்று வருவது இதுதான். இரண்டு பாதிகளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டுமானால் அலை ஒரே ஒரு வேகத்தில்தான் போக முடியும். மின்னூட்டத்தையும் மின்னோட்டத்தையும் அளந்த ஆய்வக எண்களிலிருந்து அவருக்குக் கிடைத்த வேகம் நொடிக்கு 3,10,740 கிலோமீட்டர். பல்சக்கரத்தைச் சுழற்றி ஃபிசோ அளந்திருந்த ஒளியின் வேகம் 3,14,858 கிலோமீட்டர். ஒளியும் இதே அலைதான் என்று 1865-இல் வெளியான கட்டுரையில் அவர் எழுதியதற்கு இந்த நெருக்கமே ஆதாரம். கணக்கில் காற்றோ வேறு ஊடகமோ எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மின்புலத்தின் சாய்வும் காந்தப்புலம் மாறும் வீதமும் மட்டுமே வருகின்றன. பழவேற்காட்டில் நின்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியும். நெருப்பு உடனே தெரியும். காற்று வழியாக வர வேண்டிய முழக்கம் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் கழித்தே காதில் விழும்.

இனி பின்வரிசைக் கேள்வி. அடுப்பின் புலம் ஏன் நின்றுவிடுகிறது? உலைச் சுருளில் 500 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அதற்குரிய அலைநீளம் 600 கிலோமீட்டர். அடுப்பில் 25 கிலோஹெர்ட்ஸ் என்றால் 12 கிலோமீட்டர். சுருளின் அளவோ உலையில் ஓரிரு மீட்டர், அடுப்பில் ஒரு சாண். தன் அலைநீளத்தைவிட மிகச் சிறிய சுருளைச் சுற்றிப் புலம் வளர்கிறது, பிறகு சுருங்கி அதன் ஆற்றல் சுருளுக்கே திரும்புகிறது. பிரிந்து அலையாகப் போகும் பங்கு மிக மிகக் குறைவு. இந்த அருகுப் பகுதியில் காந்தப்புலம் உச்சியில் இருக்கும்போது மின்புலம் சுழியாகவும், மின்புலம் உச்சியில் இருக்கும்போது காந்தப்புலம் சுழியாகவும் இருக்கும். நான் பதினைந்து ஆண்டுகள் சொன்ன தொடர் ஓட்டக் கதை இந்த இடத்துக்குத்தான் ஓரளவு பொருந்தும், தூரம் போகும் அலைக்குப் பொருந்தாது.

அலையாகப் பிரிந்து போக, அனுப்பும் கம்பி அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். கால் அலைநீளம் என்பது வசதியான அளவு. 720 கிலோஹெர்ட்ஸுக்கு அது நூறு மீட்டருக்குச் சற்று மேல். நடு அலை வானொலிக்கு அவ்வளவு உயரமான கம்பங்கள் நடுவது இதனால்தான். கைப்பேசியின் 1,800 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் நான்கு சென்டிமீட்டர், அது பேசிக்குள்ளேயே அடங்கிவிடும். மின்காந்த நிறமாலைப் படத்தை வெறும் பெயர்ப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதைவிட, ஒவ்வொரு பகுதிக்கும் "இதை அனுப்பும் கம்பி எவ்வளவு பெரியது?" என்று கேட்டால் பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போடுகிறார்கள். கண்ணுறு ஒளிக்கு வரும்போது இந்தக் கேள்வி நின்றுவிடும், ஏனென்றால் அங்கே கம்பி இல்லை, அணுக்களில் உள்ள எலக்ட்ரான்களே அனுப்புகின்றன. அந்த எல்லையையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பா உலையருகே வேலை செய்யும் மாணவன் ஒரு சந்தேகம் கேட்டான். "புலம் வெளிய போகாதுன்னா, அப்பாவுக்கு எட்டி நின்னாலும் மூஞ்சி சுடுதே சார்?" அந்த வெப்பம் சுருளிலிருந்து வருவது இல்லை, உருகிய இரும்பிலிருந்து வருவது. 1,600 டிகிரியில் உள்ள இரும்பு மிக அதிகமாக வெளியிடுவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு அலைநீளம் கொண்ட அகச்சிவப்பு. அது உண்மையான அலை, தூரம் போகும். ஒரே உலையில் 600 கிலோமீட்டர் அலைநீளத்துக்குரிய புலம் சுருளைவிட்டுப் பிரியாமல் கிடக்கிறது, மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கான அலையோ முகத்தைச் சுடுகிறது.

கடைசியாக, காந்தப்புலத்தின் திசையைக் கையாலேயே உணரும் ஒரு சோதனை. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் கருப்பு நிறத்தில் ஃபெரைட் தண்டு ஒன்றும் அதன்மேல் கம்பிச்சுற்றும் இருக்கும். நடு அலையைப் பிடிப்பது அதுதான், அது பிடிப்பது காந்தப்புலத்தை. அலைபரப்பிக் கம்பம் செங்குத்து என்பதால் மின்புலம் செங்குத்து. காந்தப்புலம் கிடைமட்டம், அலை வரும் திசைக்குக் குறுக்கே. எங்களுக்குச் சென்னை தெற்கே இருப்பதால் காந்தப்புலம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். மைதானத்தின் நடுவில், மின்கம்பிகளிலிருந்து விலகி நின்று, சென்னை நிலையத்தை வைத்து ரேடியோவை மெல்லச் சுழற்றினோம். தண்டு கிழக்கு மேற்காக இருந்தபோது ஒலி உரக்கக் கேட்டது. தெற்கு வடக்காகத் திருப்பியதும் கரகரத்துத் தேய்ந்தது. கட்டடத்துக்குள் செய்தால் சுவரில் உள்ள இரும்புக் கம்பிகள் புலத்தைத் திருப்பிவிடும், விடை குழம்பும். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் போனது. இரண்டாம் முறை மைதானத்தில், ரேடியோவைக் கையில் வைத்திருந்த மாணவி கண்ணை மூடிக்கொண்டு மெல்லச் சுழன்று, ஒலி தேய்ந்த இடத்தில் நின்று, தண்டு காட்டிய இரண்டு பக்கங்களில் ஒன்று சென்னை என்றாள். எந்தப் பக்கம் என்று ரேடியோவால் சொல்ல முடியாது என்பதையும் அவளே சொன்னாள்.